கன்று ஈன்ற மாட்டுக்குக் கீட்டோசிஸ்: வீட்டிலேயே சோதிப்பது எப்படி, தீவனத்தைத் திருத்துவது எப்படி

கன்று போட்டு ஒரு வாரம், பத்து நாள் நன்றாகக் கறந்த மாடு திடீரென்று அடர்தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகுகிறது. வைக்கோலை மட்டும் கடிக்கிறது. பால் நாளுக்கு ஒரு லிட்டர் வீதம் குறைகிறது. காய்ச்சல் இல்லை. "செரிமானக் கோளாறு" என்று பொடியும் வெல்லமும் கொடுத்துக்கொண்டே ஒரு வாரம் போய்விடும். அதற்குள் மாடு இளைத்து, அந்த ஈத்தின் உச்சப் பால் கைநழுவிப் போகும். இரண்டு முதல் பத்து கலப்பின மாடு வைத்திருப்பவர்கள், முதல்முறை இந்த நிலையைச் சந்திக்கும்போது என்ன வரிசையில் செயல்படவேண்டும் என்பதே இந்தக் கட்டுரை.

ஒரே ஒரு விஷயத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டுக்குப் பாலின் சர்க்கரையைச் செய்ய ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 70 கிராம் குளுக்கோஸ் வேண்டும். 16 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல். நாம் சாப்பிடும் சோறு நம் குடலில் சர்க்கரையாகவே உறிஞ்சப்படுவது போல மாட்டுக்கு நடப்பதில்லை. அசையூண் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையையும் மாவையும் பெரும்பாலும் அமிலங்களாக மாற்றிவிடும். அவற்றில் புரோப்பியோனிக் அமிலத்தை வைத்துத்தான் ஈரல் முக்கியமாகக் குளுக்கோஸ் செய்கிறது. ஈன்ற பிறகு பால் வேகமாக ஏறும், பசியோ மெதுவாகத்தான் ஏறும். இடைவெளியை நிரப்ப உடல் கொழுப்பு கரைகிறது. அளவுக்கு மீறிக் கரைந்தால் ஈரலால் அதை முழுதாக எரிக்க முடியாமல் கீட்டோன்களாக ரத்தத்தில் விடுகிறது. கீட்டோன் ஏறினால் பசி இன்னும் குறையும். இந்தச் சுழலை உடைப்பதுதான் வைத்தியம்.

1. எந்த நாட்களில் சோதிக்க வேண்டும்

பெரும்பாலான மாடுகளுக்கு இது ஈன்ற முதல் மூன்று வாரத்துக்குள் தொடங்குகிறது. வெளியே தெரியாத நிலையில் தொடங்குவது பெரும்பாலும் முதல் வாரத்திலேயே. அதனால் பால் குறையும்வரை காத்திருக்காதீர்கள். ஈன்ற 5, 8, 12, 16, 21ஆம் நாட்களில் சிறுநீரைச் சோதித்தால் பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

எல்லா மாட்டுக்கும் வேண்டியதில்லை. மூன்றாவது ஈத்து அல்லது அதற்கு மேல், ஈனும்போது கொழுத்திருந்தது, இரட்டைக் கன்று போட்டது, நஞ்சுக்கொடி தங்கியது, பால் காய்ச்சல் வந்தது, போன ஈத்தில் இதே நோய் வந்தது: இவற்றில் ஒன்று இருந்தாலும் தவறாமல் சோதியுங்கள். ஐந்து லிட்டர் கறக்கும் நாட்டு மாட்டுக்கு இதற்காகச் செலவழிப்பது பெரும்பாலும் வீண்.

2. சோதனைக்கு முன்பே காட்டிக்கொடுப்பவை

முதலில் அடர்தீவனத்தை ஒதுக்கும், பிறகு பசுந்தீவனத்தை, கடைசியில்தான் வைக்கோலை. சாணி கெட்டியாகி, மேலே சளி பூசியதுபோல் பளபளக்கும். மூச்சிலும் பாலிலும் நகப்பூச்சு நீக்கும் திரவத்தின் வாடை வரலாம். ஆனால் எல்லோருடைய மூக்குக்கும் அந்த வாடை எட்டாது. உங்களுக்குத் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

இதைவிட நம்பகமான தடயம் சொசைட்டிப் பால் சீட்டில் இருக்கிறது. உடல் கொழுப்பு பாலுக்குள் வருவதால் ஃபேட் ஏறும், தீவனம் குறைவதால் புரதமும் எஸ்.என்.எஃப்.பும் இறங்கும். 3.9 காட்டிய மாடு திடீரென்று 5.2 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். பல மாட்டுப் பாலைக் கலந்து ஊற்றினால் இது தெரியாது. புதிதாக ஈன்ற மாட்டின் பாலை வாரம் ஒருமுறை தனிப் பாத்திரத்தில் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்லுங்கள். சீம்பால் நாட்கள் முடிந்த பிறகுதான் இந்த எண்களுக்குப் பொருள் உண்டு.

3. சிறுநீர்ச் சோதனை

மருந்துக் கடையில் மனிதர்களுக்காக விற்கும் கீட்டோன் பட்டைகளே போதும். சர்க்கரை, கீட்டோன் இரண்டையும் காட்டும் பட்டையானால் கீட்டோனுக்கான கட்டத்தை மட்டும் பாருங்கள். 50 பட்டை கொண்ட பாட்டில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குவதுதான் லாபம், ஏனென்றால் திறந்த பாட்டில் சில மாதங்களில் வீணாகிவிடும். மூடியை உடனே இறுக்குங்கள், கொட்டகையில் வைக்காதீர்கள். ஈரம் பட்ட பட்டை நோயுள்ள மாட்டையும் நல்ல மாடு என்று காட்டிவிடும்.

படுத்திருந்த மாடு காலையில் எழுந்தவுடன் சிறுநீர் கழிக்கும் வாய்ப்பு அதிகம். கழிக்கவில்லை என்றால், பிறப்புறுப்புக்குக் கீழே மடியை நோக்கி இறங்கும் தோலை உள்ளங்கையால் மேலும் கீழுமாக மெதுவாகத் தடவிக்கொண்டிருங்கள். வாலைத் தூக்கிப் பிடித்தால் மாடு அடக்கிக்கொள்ளும். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான கிண்ணத்தில் பிடியுங்கள். சாணி கலந்தால் கொட்டிவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும்.

பட்டையை நனைத்து, விளிம்பில் தட்டி, பாட்டிலில் போட்டுள்ள நேரத்தில் நிறத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அது 15 வினாடி. கைபேசியில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பட்டையை வைத்துவிட்டுக் கறந்து முடித்து வந்து பார்த்தால் நிறம் கூடியிருக்கும், தேவையில்லாமல் மருந்து கொடுப்பீர்கள். சிறுநீரை வைத்திருந்து மாலையில் சோதிப்பதும் தவறு. அசிட்டோன் ஆவியாகிவிடும்.

முடிவை இப்படி எடுத்துக்கொள்ளலாம். நிறம் மாறவில்லை, அல்லது லேசான சாயல் மட்டும் என்றால் அடுத்த சோதனை நாளுக்குக் காத்திருங்கள். 15 என்ற கட்டத்தைத் தொட்டால் ரத்தத்தில் கீட்டோன் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். மறுநாளே திரும்பச் சோதியுங்கள், தீனி குறைந்திருந்தால் அன்றே மருந்தைத் தொடங்கலாம். 40 அல்லது அதற்கு மேல் என்றால் காத்திருக்க ஒன்றுமில்லை.

பட்டை கிடைக்காத ஊரில் ரோத்தரா பொடி உண்டு. அம்மோனியம் சல்ஃபேட்டும் சோடியம் நைட்ரோபுரூசைடும் கலந்தது. கால்நடை மருத்துவரிடமோ ஆய்வகப் பொருள் விற்பவரிடமோ கலந்ததாகவே வாங்குங்கள், நீங்களே கலக்க வேண்டாம், அது நஞ்சு. வெள்ளை ஓட்டின் மேல் சிட்டிகைப் பொடி வைத்து இரண்டு மூன்று சொட்டு சிறுநீர் விட்டால், கீட்டோன் இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் கத்தரிப்பூ நிறம் வரும். கட்டி தட்டிய பொடியை நம்பாதீர்கள்.

4. பால் சோதனை எதற்கு

சிறுநீரில் கீட்டோன் செறிவு ரத்தத்தைவிடப் பல மடங்கு கூடுதல், பாலில் ரத்தத்தைவிடக் குறைவு. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே மற்றதெல்லாம் வருகிறது. சிறுநீர்ச் சோதனை லேசான நோயையும் பிடிக்கும், சில நேரம் நன்றாக இருக்கும் மாட்டையும் சந்தேகப்பட வைக்கும். அதே பொடியைப் பாலில் போட்டு நிறம் வந்தால் கீட்டோசிஸ் கிட்டத்தட்ட உறுதி. ஆனால் நிறம் வரவில்லை என்பதால் மாடு நலம் என்று சொல்ல முடியாது. "பாலில் ஒன்றும் இல்லை" என்று விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து மாடு படுத்துவிட்ட கதைகள் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

பாலுக்கென்றே செய்த தனிப் பட்டை வேறு வகை. பொடியும் சிறுநீர்ப் பட்டையும் அசிட்டோஅசிடேட்டையும் அசிட்டோனையும் பார்க்கின்றன. பால் பட்டை, ரத்தத்தில் அதிகமாக இருக்கும் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட்டைப் பார்க்கிறது. லிட்டருக்கு 100 மைக்ரோமோல் காட்டினால் சந்தேகம், 200 காட்டினால் உறுதி என்று கொள்ளலாம். கிடைத்தால் இதுவே சுலபம், ஏனென்றால் பால் எப்போதும் கையில் இருக்கிறது. சீம்பாலிலும் மடிநோய் உள்ள காம்பின் பாலிலும் மட்டும் சோதிக்காதீர்கள், தவறாக நிறம் காட்டும்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் மனிதர்களுக்கான ரத்தக் கீட்டோன் கருவி மாட்டுக்கும் பொருந்தும். வால் நரம்பிலிருந்து மருத்துவர் ஒரு சொட்டு எடுத்தால் போதும். 1.2 மில்லிமோலுக்கு மேல் மறைநிலை நோய், 3க்கு மேல் பெரும்பாலும் வெளிப்படையான நோய். மடி நரம்பில் எடுக்கக் கூடாது. மடி கீட்டோனை உறிஞ்சிக்கொள்வதால் அங்கே குறைத்துக் காட்டும். பட்டையின் விலை சிறுநீர்ப் பட்டையைவிடப் பல மடங்கு என்பதால் சந்தேகம் தீராத மாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. கீட்டோன் வந்துவிட்டது என்பதால் கீட்டோசிஸ் மட்டும்தான் என்று இல்லை

எந்தக் காரணத்தால் தீனி நின்றாலும் புதிதாக ஈன்ற மாட்டுக்குக் கீட்டோன் ஏறும். எனவே மருந்துக்கு முன் வெப்பமானியை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். இயல்பு 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். கீட்டோசிஸ் தனியாகக் காய்ச்சல் தராது. 103க்கு மேல் இருந்தால் கருப்பை அழற்சி, மடிநோய் போன்ற வேறொன்று பின்னால் இருக்கிறது. நாற்றமடிக்கும் கசிவு வருகிறதா, பாலில் திரி இருக்கிறதா, முதுகைக் கூன் போட்டு முனகுகிறதா என்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். கம்பி, ஆணி விழுங்கியதும் நான்காம் வயிறு இடம் பெயர்ந்ததும் இதே வேடத்தில் வரும்.

ஒரு கடுமையான எச்சரிக்கை. சில மாடுகளுக்குக் கீட்டோசிஸ் மூளையைத் தொடும். சுவரை நக்கும், கம்பியைக் கடிக்கும், எச்சில் ஒழுகும், வட்டமிடும், முட்ட வரும். நம் ஊரில் இதே அறிகுறிகள் வெறிநாய்க்கடி நோய்க்கும் உண்டு. பட்டையில் நிறம் வந்தாலும் கூட வாய்க்குள் கை விடாதீர்கள், மருந்து புகட்டாதீர்கள். மருத்துவர் வரும்வரை தள்ளிக் கட்டிவையுங்கள்.

6. மருந்து: எது சர்க்கரையாகும், எது ஆகாது

அரைக் கிலோ வெல்லம் கரைத்து ஊற்றுவதுதான் எல்லா ஊரிலும் முதல் வைத்தியம். அது அசையூண் வயிற்றிலேயே நொதித்துவிடும். அதில் உருவாகும் பியூட்டிரிக் அமிலம் கீட்டோனாகவே மாறும். தீவனத்தின் மேல் ஒரு கைப்பிடி தூவி ஆசை காட்டலாம், வைத்தியமாகக் கொடுக்கக் கூடாது. வாயால் கொடுக்கும் குளுக்கோஸ் பொடிக்கும் இதே கதி. அதிகமானால் வயிறு புளித்து இருக்கும் பசியும் போகும்.

வேலை செய்வது புரோப்பிலீன் கிளைக்கால். அது பெரும்பகுதி நொதிக்காமல் உறிஞ்சப்பட்டு ஈரலில் குளுக்கோசாகிறது. 400 முதல் 500 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளுக்கு ஒரு வேளை 300 மி.லி., சிறிய ஜெர்சிக் கலப்பினத்துக்கு 200 முதல் 250 மி.லி., ஐந்து நாட்கள். தீவனத்தில் கலந்து மெல்ல மெல்லப் போவதைவிட ஒரே தடவையில் புகட்டுவதுதான் பலன் தரும். மாடு சீக்கிரம் தேறவில்லை என்று அளவை இரட்டிப்பாக்காதீர்கள். மாடு தள்ளாடும், மயங்கி நிற்கும், பசி இன்னும் குறையும்.

வாங்கும்போது லேபிளை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். எத்திலீன் கிளைக்கால் வேறு பொருள். வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்பானில் இருப்பது, சிறுநீரகத்தைக் கொன்றுவிடும். கெமிக்கல் கடையில் கேனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று தரம் தெரியாமல் வாங்க வேண்டாம். மருந்துத் தரம் அல்லது கால்நடைகளுக்கென்று விற்பதை மட்டும் வாங்குங்கள்.

புகட்டும்போது மூக்கின் உயரம் கண்ணின் உயரத்தைத் தாண்டக் கூடாது. நாக்கைப் பிடித்து இழுக்கக் கூடாது. கடைவாயில் பிளாஸ்டிக் பாட்டிலை வைத்து, விழுங்க விழுங்க ஊற்றுங்கள். இருமினால் உடனே தலையை விடுங்கள். நுரையீரலுக்குள் போன மருந்தால் செத்த மாடுகள் உண்டு. படுத்துக் கழுத்தைத் திருப்பிக் கிடக்கும் மாட்டுக்கு வாய்வழி எதுவும் கொடுக்காதீர்கள், அதற்கு முதலில் தேவைப்படுவது பெரும்பாலும் நரம்பு வழியாகக் கால்சியம்.

மருத்துவர் ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸ் மாட்டைக் கண்ணெதிரே தெளிய வைக்கும். ஆனால் அந்த ஏற்றம் சில மணி நேரம்தான், ஒரு பகுதி சிறுநீரில் போய்விடும். அன்று பட்டையில் சோதித்தால் சர்க்கரைக் கட்டமும் நிறம் மாறியிருப்பதைப் பார்க்கலாம். பாட்டில் ஏற்றியாயிற்று என்று புரோப்பிலீன் கிளைக்காலை நிறுத்துவதுதான் நோய் திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம். டெக்சாமெத்தசோன் ஊசி மருத்துவரின் முடிவு. கருப்பையிலோ மடியிலோ கிருமி இருந்தால் அது நிலைமையைக் கெடுக்கும். எனவே காய்ச்சலை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசி போட்டால் எத்தனை வேளைப் பாலை சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்று சீட்டில் எழுதி வாங்குங்கள்.

மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் திரும்பச் சோதியுங்கள். மூன்றாம் நாளில் நிறம் குறைந்து தீனி ஏற வேண்டும். ஐந்து நாளுக்குப் பிறகும் 40 காட்டினால் மருந்தை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். மறைந்திருக்கும் வேறு நோயைத் தேட வேண்டிய நேரம் அது.

7. தீவனக் கணக்கைப் போடுங்கள்

மருந்து ஐந்து நாளைக்குத்தான். இடைவெளியை மூட வேண்டியது தீவனத் தொட்டியில். 400 கிலோ எடை, மூன்றாம் ஈத்து, ஈன்று பத்தாம் நாள், நாளுக்கு 16 லிட்டர், 4 சதவீதக் கொழுப்பு: இந்த மாட்டை எடுத்துக்கொள்வோம். ஆற்றலை டி.டி.என்., அதாவது மொத்தச் செரிமானச் சத்து என்ற கணக்கில் அளக்கலாம். உடலைக் காக்க நாளுக்குச் சுமார் 3.1 கிலோ. ஒரு லிட்டர் பாலுக்கு 0.32 வீதம் 16 லிட்டருக்கு 5.1 கிலோ. மொத்தம் 8.2 கிலோ வேண்டும்.

பலர் போடுவது வைக்கோல் 5 கிலோ, பசும்புல் 10 கிலோ, அடர்தீவனம் 4 கிலோ. வைக்கோலில் 1.9, புல்லில் 1.1, அடர்தீவனத்தில் 2.7, ஆக 5.7 கிலோ. குறை 2.5 கிலோ. ஒரு கிலோ உடல் எடை கரைந்தால் சுமார் 2 கிலோ டி.டி.என். கிடைக்கும் என்பதால், இந்த மாடு தினமும் ஒரு கிலோவுக்கு மேல் தன்னையே தின்றுகொண்டிருக்கிறது. வயிறு மட்டும் நிரம்பியே இருக்கும். வைக்கோல் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அதுதான் கோளாறு.

போக வேண்டிய இடம் இது: வைக்கோல் 2 கிலோ, பால் பிடிக்கும் பருவத்து மக்காச்சோளத் தட்டு அல்லது நல்ல இளம் தீவனம் 25 கிலோ, அடர்தீவனம் 6 கிலோ. இப்போது 0.75, 3.3, 4.0 சேர்ந்து 8 கிலோவைத் தொடுகிறது. ஆனால் இதில் உலர் எடை 12 கிலோவுக்கு மேல். பத்தாம் நாளில் எந்த மாடும் அவ்வளவு தின்னாது, ஐந்தாவது வாரத்தில்தான் தின்னும். அதுவரை கொஞ்சம் குறை இருக்கத்தான் செய்யும். அதை ஒரு கிலோவுக்குள் வைத்திருந்தால் போதும்.

எனவே பசி திரும்பிய பிறகு அடர்தீவனத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை அரைக் கிலோ வீதம் ஏற்றுங்கள். ஒரே நாளில் இரண்டு கிலோ ஏற்றினால் வயிறு புளித்து, சாணி தண்ணீராகி, மீண்டும் தீனி நிற்கும், கீட்டோனும் திரும்ப ஏறும். நாளுக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, முதலில் பசுந்தீவனம், பிறகு அடர்தீவனம் என்று வையுங்கள். உடைத்த மக்காச்சோளம் கலவையில் இருப்பது நல்லது. அதன் மாவு புரோப்பியோனிக் அமிலத்தைக் கூட்டும். தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் பெரும்பங்குத் தீவனத்தை விடியற்காலையிலும் இரவிலும் கொடுங்கள். கெட்ட வெண்ணெய் வாடையடிக்கும் ஊறுகாய்ப் புல்லைக் கொட்டிவிடுங்கள். அதில் இருப்பதே கீட்டோனாகும் பியூட்டிரிக் அமிலம்.

பைபாஸ் கொழுப்பு பற்றிக் கடைக்காரர் அவசியம் பேசுவார். நாளுக்கு 100 முதல் 150 கிராம், நன்றாகத் தின்னும் மாட்டுக்கு ஆற்றலைக் கூட்டும். கீட்டோசிஸ் மாட்டுக்கு அது மருந்தல்ல. ஏற்கெனவே கொழுப்பில் மூழ்கியிருக்கும் ஈரலுக்கு இன்னும் கொழுப்பு, குளுக்கோசோ அதிலிருந்து கிடைக்காது. பட்டை தெளிந்து தீனி நிலைத்த பிறகு 50 கிராமில் தொடங்குங்கள்.

8. செலவும் சீட்டும்

அரசு கால்நடை மருந்தகத்தில் சிகிச்சை கிடைக்கும். மாட்டை நடத்திப் போக முடியாத நிலையில் தமிழ்நாட்டில் 1962 எண்ணுக்கு அழைத்து நடமாடும் மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். கூப்பிடும்போது ஈன்ற தேதி, எத்தனையாவது ஈத்து, காதுத் தோட்டில் உள்ள 12 இலக்க எண், காய்ச்சல் அளவு, பட்டையில் வந்த எண் ஆகியவற்றைச் சொன்னால் மருத்துவர் தேவையான பாட்டில்களோடு வருவார். புரோப்பிலீன் கிளைக்கால் பெரும்பாலும் வெளியில்தான் வாங்க வேண்டியிருக்கும். ஒரு மாட்டின் ஐந்து நாளைக்கு ஒன்றரை லிட்டர். ஈனும் தேதி நெருங்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை தேடி அலைய வேண்டாம்.

ஒரு நோட்டில் மாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி ஈன்ற தேதி, சோதனைத் தேதியும் எண்ணும், கொடுத்த மருந்து, தினப்பால் என்று எழுதுங்கள். மருத்துவர் எழுதிய சீட்டையும் மருந்துக் கடை ரசீதையும் அதிலேயே ஒட்டுங்கள். காப்பீடு உள்ள மாடு இறக்க நேர்ந்தால் காதுத் தோடும் சிகிச்சை பெற்றதற்கான ஆதாரமும்தான் முதலில் கேட்கப்படும். சிகிச்சையின்போது தோடு விழுந்துவிட்டால் அன்றே தகவல் கொடுத்து மாற்றுத் தோடு போடச் சொல்லுங்கள்.

9. அடுத்த ஈத்துக்கு முன்

வற்றவிடும் 60 நாளில் மாடு கொழுக்கவும் கூடாது, இளைக்கவும் கூடாது. விலா எலும்புகளை லேசாக அழுத்தினால் விரலுக்குத் தெரிய வேண்டும், பார்வைக்குத் துருத்தக் கூடாது. வால் அடியில் இருபுறமும் கொழுப்பு மெத்தை திரண்டிருந்தால் அது கொழுத்த மாடு, கீட்டோசிஸ் வாய்ப்பு அதிகம். அதை வற்றுக்காலத்தில் பட்டினி போட்டு இளைக்க வைப்பதும் ஆபத்து, ஈனும் முன்பே கொழுப்பு கரையத் தொடங்கிவிடும். உடலைத் திருத்த வேண்டியது கறவையின் கடைசி மூன்று மாதத்தில்.

ஈனுவதற்கு மூன்று வாரம் முன் ஒரு கிலோ அடர்தீவனத்தில் தொடங்கி, ஈனும்போது இரண்டரை, மூன்று கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். கறவையில் கொடுக்கப்போகும் அதே கலவையாக இருக்கட்டும். வயிற்றின் நுண்ணுயிர்கள் அதற்குப் பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். போன ஈத்தில் நோய் வந்த மாடானால் ஐந்தாம் நாள் சோதனையை மூன்றாம் நாளுக்கு முன்னகர்த்துங்கள். அப்போது சீம்பால் இருக்கும் என்பதால் பாலை விட்டுச் சிறுநீரில் மட்டும் பாருங்கள்.